முகூர்த்தத்துக்கு விழுந்த சிவப்பு

எங்கள் காலத்தில் கெட்ட ஷாட் என்று ஒன்று கிடையாது. எடுத்ததெல்லாம் போகும். தொண்ணூறுகளின் நடுவில் கம்பைநல்லூரில் ஒரு கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கிறோம் என்றால், மூன்று மணி நேர வி.எச்.எஸ். கேசட் ஒன்று. அதை நிரப்பித் தர வேண்டும். இரண்டேகால் மணி நேரத்தில் படம் தீர்ந்து திரையில் புள்ளி ஓட ஆரம்பித்தால், பெண்ணின் சித்தப்பா மறுநாளே கடைக்கு வந்துவிடுவார். “மிச்சக் கேசட்டுல ஏன் ஒண்ணும் இல்லீங்க?” அவர் காசு கொடுத்தது மூன்று மணி நேரத்துக்கு. அதனால் பந்தியில் சாப்பிடுகிறவர்களை வரிசையாக, வாயில் சோறு இருக்கும்போதே எடுத்து நிரப்புவோம். ஆடினாலும் சரி, மங்கினாலும் சரி, அது நிமிடம். நிமிடத்துக்குத்தான் மதிப்பு.

கேமரா பேனசோனிக் எம்-9000. தோளில் வைத்து எடுக்கிற கனத்த சாமான். இன்றைக்கு நினைத்தால் அந்தக் கனம்தான் பெரிய உபகாரம். தோளிலும் கன்னத்திலும் அழுந்தி உட்கார்ந்த கேமரா அவ்வளவு லேசில் ஆடாது. வெளிச்சத்துக்கு ஒரு பையன், அவன் கையில் ஆயிரம் வாட் சன்கன். எக்ஸ்போஷர் சரியா என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே சோதனை, மாப்பிள்ளை கண்ணைச் சுருக்குகிறாரா என்பதுதான். சுருக்கினால் வெளிச்சம் போதும். ஃபோகஸ்? ஒரு அங்குலக் கறுப்பு வெள்ளை வ்யூஃபைண்டரில் என்ன தெரியும்? நகை மினுங்கினால் ஃபோகஸ்.

தேர்வு செய்கிற வேலை கேசட் ஊருக்குள் போன பிறகுதான் நடக்கும். அதைச் செய்பவர்கள் உறவுக்காரர்கள். மொரப்பூரிலிருந்து வந்த பெரியம்மா மேடையேறியது இல்லை, அரூர் மாமா மொய் வைத்தது இல்லை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஷாட் ஆடியிருக்கிறது என்று ஒருவர்கூடப் புகார் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆள் விட்டுப்போனதற்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகள் உண்டு.

பிறகு சோனி பி.டி.170 வந்தது, மினி டிவி டேப் வந்தது. ஒரு டேப் ஒரு மணி நேரம். கம்ப்யூட்டரில் ஏற்ற ஃபயர்வயர் ஒயரை மாட்டி ஓடவிட வேண்டும். அதற்கும் அதே ஒரு மணி நேரம் ஆகும், ஹார்ட் டிஸ்கில் 13 ஜி.பி. பிடிக்கும். அந்த ஒரு மணி நேரமும் எடிட்டர் வேறு வழியில்லாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கையில் ஒரு நோட்டு. ‘12.40 ஆட்டம், 14.05 நல்ல க்ளோசப், 31 கரண்ட் கட்’ என்று கிறுக்கிவைப்பார். தனியாகப் பார்க்கிற வேலை என்று யாரும் கணக்குப் போடவில்லை. காத்திருக்கிற நேரத்தில் அதுவாகவே நடந்தது.

மெமரி கார்டு வந்து அந்தக் காத்திருப்பை ஒழித்தது. இன்றைக்கு ஒரு மணி நேரப் படம் சில நிமிடத்தில் காப்பி ஆகிவிடுகிறது. ஆனால் அதைப் பார்க்க இன்னமும் ஒரு மணி நேரம்தான் ஆகிறது. மேடைக்கு ஒரு கேமரா, கிம்பலில் ஒன்று, கேண்டிட் என்று ஒன்று, வாசலில் தோரணத்துக்கு மேலே சுற்ற ஒரு ட்ரோன். ரிசப்ஷனும் முகூர்த்தமும் சேர்ந்தால் எட்டு, பத்து மணி நேரம் கச்சாப் படம் சேர்ந்துவிடுகிறது. கேட்பதோ ஒரு நிமிட ரீல். அதுவும் சாயங்காலத்துக்குள். முன்பு மூன்று மணி நேரம் எடுத்து மூன்று மணி நேரம் கொடுத்தோம். பெண் வீட்டார் உட்கார்ந்து பார்த்தார்கள். இப்போது பத்து மணி நேரம் எடுத்து ஒரு நிமிடம் கொடுக்கிறோம். மிச்சத்தைப் பார்க்க ஒரு மிஷின் வைத்திருக்கிறோம்.

மிஷின் என்றால் தனிப் பெட்டி ஒன்றும் இல்லை. என் அக்கா மகன் லேப்டாப்பில் எழுதி வைத்திருக்கிற சின்ன புரோகிராம். கார்டைச் செருகினால் ஒவ்வொரு கிளிப்பையும் படித்து, ஆட்டம், மங்கல், வெளிச்சம் என்று மூன்று கணக்குப் போட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று புள்ளி வைத்துவிடும். இது ஒன்றும் அவன் கண்டுபிடிப்பு இல்லை. கலிஃபோர்னியாவில் எஃப்.எக்ஸ். பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்துக்காரர்கள் 2000-லேயே வீட்டு வீடியோவுக்கு இப்படி ஒன்று செய்தார்கள். கேமரா தாறுமாறாக அசைகிறதா, படம் இருட்டா என்று பார்த்து ‘ஆகாத’ மதிப்பெண் போடுகிற முறை. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஹிட்ச்காக். ஐமூவி 2009-ல் ஆடிய இடத்துக்கு மேல் சிவப்பில் நெளிகோடு போட ஆரம்பித்தது. ஃபைனல் கட் பத்தாம் பதிப்பு 2011-ல் அதிக ஆட்டம் உள்ள ஷாட்டை எல்லாம் தனியே சேர்த்துக் காட்டியது. நாங்கள் சன்கன்னைத் தூக்கி எறிந்து முடிக்கிற நேரத்தில் அங்கே இது பழைய சங்கதி.

மங்கலைக் கண்டுபிடிக்கிற இடத்தைக் காட்டு என்றேன். இதைக் காட்டினான்.

```python
g = cv2.cvtColor(frame, cv2.COLOR_BGR2GRAY)
score = cv2.Laplacian(g, cv2.CV_64F).var()
```

“இவ்வளவுதானா மாப்ளே?”

“இவ்வளவுதான் மாமா.”

முப்பது வருஷம் வ்யூஃபைண்டரில் ஒற்றைக் கண்ணை இடுக்கிப் பார்த்த வேலை இரண்டு வரி. கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது. சரி, என்னதான் செய்கிறது என்று உட்கார்ந்து கேட்டேன்.

சேலையின் ஜரிகைக் கரையை நினைத்துக்கொள்ளுங்கள். கருநீலத்திலிருந்து சட்டென்று தங்கத்துக்கு மாறுகிற இடம். ஃபோகஸ் சரியாக இருந்தால் அடுத்தடுத்த நான்கு புள்ளிகளின் வெளிச்சம் 40, 40, 200, 200 என்று இருக்கும். ஃபோகஸ் விட்டுப்போனால் அதே இடம் 40, 93, 147, 200 என்று வழிந்துபோகும். லாப்லாசியன் என்கிற கணக்கு ஒவ்வொரு புள்ளியிடமும் ஒன்றே ஒன்று கேட்கிறது. உன் இருபக்கத்து அண்டை வீட்டாரையும் கூட்டி, உன்னை இரண்டு மடங்காக்கிக் கழித்தால் மிச்சம் என்ன? (படத்தில் மேலும் கீழும் சேர்த்து நாலு பக்கமும் பார்க்கும்; புரிவதற்கு ஒரு வரிசை போதும்.) சரியான ஃபோகஸில் கரையோரம் 160-ம் மைனஸ் 160-ம் வருகிறது. மங்கினதில் 53, 1, மைனஸ் 1, மைனஸ் 53. இவற்றை வர்க்கமாக்கிக் கூட்டினால் முதலாவது 51,200, இரண்டாவது 5,620. ஒன்பது மடங்கு வித்தியாசம். படம் முழுக்க இந்த எண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதுதான் அந்த ‘வார்’. சிதறல் அதிகம் என்றால் கூர்மை, குறைவு என்றால் மங்கல். இந்த அளவை 2000-ல் ஸ்பெயின்காரர்கள் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்துதான் பலரும் எடுத்தாளுகிறார்கள். அவர்கள் இதை வைத்து நுண்ணோக்கியில் டயாட்டம் என்கிற ஒருசெல் பாசிக்கு ஃபோகஸ் பார்த்தார்கள். பாசிக்குச் சரியாக வந்தது பட்டுச்சேலைக்கும் வந்துவிட்டது.

வந்துவிட்டது என்று முழுசாகச் சொல்ல முடியாது. இந்தக் கணக்குக்கு எது ஃபோகஸ், எது வெறும் இரைச்சல் என்று தெரியாது. ராத்திரி மாப்பிள்ளை அழைப்பில் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி எடுத்த ஷாட் முழுக்க மணல் தூவியது போலப் புள்ளி. ஃபோகஸ் சுத்தமாக இல்லை. ஆனால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளி ஒன்றுக்கொன்று ஒட்டாததால் மதிப்பெண் எகிறிப் பச்சை வாங்கிவிட்டது. அதே நேரம் வெறும் சுண்ணாம்புச் சுவர் முன்னால் வெள்ளைச் சட்டையோடு நின்ற தாத்தா அட்சரசுத்தமாக ஃபோகஸில் இருந்தும் சிவப்பு. சுவரிலும் சட்டையிலும் ஜரிகை கிடையாதே. பின்னணியை வேண்டுமென்றே கரைத்து எடுத்த க்ளோசப்புகளுக்கும் இதே கதி. முகம் மட்டும் தெளிவு, மிச்சம் முக்கால் படமும் மங்கல் என்றால் சராசரி அடிபட்டுப்போகிறது.

மருமகன் இதற்கெல்லாம் மருந்து வைத்திருந்தான். முதலில் படத்தை 960 புள்ளி அகலத்துக்குச் சுருக்கிவிடுவது. சுருக்கும்போதே இரைச்சல் பாதி அடங்கும். அப்புறம் படத்தை அறுபது கட்டமாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண் போட்டு, மேலே இருந்து ஆறாவது கட்டத்தை மட்டும் பார்ப்பது. படத்தில் பத்தில் ஒரு பங்காவது கூர்மையாக இருந்தால் அது போதும், யாரோ ஒருவர் ஃபோகஸில் இருக்கிறார். முக்கியமானது மூன்றாவது. நூறுக்குக் கீழே மங்கல் என்று ஊருக்கெல்லாம் ஒரே கோடு போடாமல், அதே கேமராவில் அதே இடத்தில் எடுத்த மற்ற ஷாட்டுகளோடு ஒப்பிடுவது. மண்டபத்துக்குள் எடுத்ததை மண்டபத்துக்குள் எடுத்ததோடு. தேசிநாதேஸ்வரர் கோயில் வாசல் வெயிலில் எடுத்ததை அந்த வெயிலோடு.

ஆட்டத்துக்கு வேறு வழி. படத்தில் பளிச்சென்று தெரியும் மூலைகளாகப் பார்த்து இருநூறு, முந்நூறு புள்ளிகளைப் பிடித்துக்கொள்கிறது. தூண் விளிம்பு, தோரண முனை, நாற்காலிக் கால். அடுத்த ஃபிரேமில் அவை எங்கே போயின என்று தேடுகிறது. பெரும்பாலானவை ஒரே பக்கம் நகர்ந்திருந்தால் நகர்ந்தது கேமரா. இப்படி ஃபிரேம் ஃபிரேமாகக் கேமரா போன தடத்தை வரைந்துவிட்டு, அதை ஒரு வினாடி அளவுக்குச் சராசரி எடுத்து இழைத்த தடத்தோடு ஒப்பிடுகிறது. இடமிருந்து வலமாக நிதானமாகத் திருப்பிய ஷாட்டில் இரண்டு தடமும் ஒன்றின் மேல் ஒன்று படியும். எவ்வளவு தூரம் திருப்பினாலும் குற்றமில்லை. கை ஆடினால் அசல் தடம் இழைத்த தடத்தைச் சுற்றி மேலும் கீழுமாகத் துள்ளும். அந்தத் துள்ளல் 960-ல் பத்துப் புள்ளிக்கு மேல் அரை வினாடி நீடித்தால் சிவப்பு. மங்கலுக்கு வினாடிக்கு ஐந்து ஃபிரேம் பார்த்தால் போதும். ஆட்டத்துக்கு அந்தச் சலுகை கிடையாது, ஒவ்வொரு ஃபிரேமும் வேண்டும். புரோகிராம் ஓட ஆகிற நேரத்தில் பெரும்பங்கு இதற்குத்தான் போகிறது.

இப்படி எல்லாம் திருத்தி வைத்த பிறகு ஒரு விடியற்காலை முகூர்த்தத்தை அதற்குள் விட்டோம். பந்தி பச்சை. வாசல் கோலம் பச்சை. சாம்பார் வாளி பச்சை. காலி நாற்காலிகள் அப்பழுக்கில்லாத பச்சை. கெட்டி மேளம் கொட்டித் தாலி கட்டுகிற ஒன்றரை நிமிடம் மட்டும் மூன்று கேமராவிலும் சிவப்பு.

மிஷினைத் திட்டுவது சுலபம். ஆனால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோது அது பொய் சொல்லவில்லை. மேடைக் கேமராவுக்கு மங்கல் என்று போட்டிருந்தது. ஐயர் அந்த நேரம் பார்த்து ஓமத்தில் நெய் விட்டிருக்கிறார், புகை எழும்பி மணமக்களுக்கு முன்னால் வெள்ளைத் திரையாக நிற்கிறது. புகை கறுப்பை வெளுப்பாக்கும், ஜரிகையின் 40-க்கும் 200-க்கும் நடுவிலுள்ள தூரத்தைக் குறைக்கும். ஃபோகஸ் அசையவில்லை, கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான். கிம்பல் கேமராவுக்கு ஆட்டம். அட்சதை போட ஊரே மேடைக்கு ஏறி, கிம்பல் பையனின் முதுகில் கை வைத்துத் தள்ளியிருக்கிறது. அதுபோக நூறு கைகள் ஒரே நேரத்தில் மேலே எழுந்து வீசினால், மூலைப் புள்ளிகள் எல்லாம் கைகளோடு சேர்ந்து போகின்றன. பெரும்பாலானவை நகர்ந்தால் நகர்ந்தது கேமரா என்கிற நியாயம் அங்கே தலைகீழாகிவிட்டது. கேண்டிட் கேமராவுக்கு வெளிச்சம் கேடு. பின்னால் எல்.இ.டி. திரை, முன்னால் போட்டோக்காரர்களின் ஃப்ளாஷ்.

வெளிச்சக் கணக்கு மூன்றில் எளியது என்று நினைப்போம். 0 முதல் 255 வரையுள்ள அளவில் 250-ஐத் தாண்டி வெளுத்துப்போன புள்ளி எத்தனை சதவீதம், 10-க்குக் கீழே இருண்டுபோனது எத்தனை என்று எண்ண வேண்டியதுதானே? தமிழ்நாட்டுக் கல்யாணத்தில் அது நடக்காது. மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அப்பா, மாமா, மச்சான் எல்லோரும் வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டை. அத்தனையும் விளக்கடியில் வெளுக்கும். மிஷின் பார்வையில் அது பாழான படம். எல்.இ.டி. திரை முன்னால் நின்றாலோ நேர்மாறு. திரை பளீர், ஆனால் 250-ஐத் தாண்டாது; முகம் இருட்டு, ஆனால் 10-க்குக் கீழே இறங்காது; எண்ணிப் பார்த்தால் நல்ல எண். முகமே தெரியாத ஷாட்டுக்குப் பச்சை. அதனால் முகத்தைக் கண்டுபிடித்து, முகத்துக்கு மட்டும் வெளிச்சம் பார்க்கும்படி மாற்றினான்.

அதிலும் ஒரு வில்லங்கம். பழைய கேமராக்களில் ஜீப்ரா 70 என்று ஒன்று இருக்கும். முகத்தில் வெளிச்சம் படுகிற மேட்டில் வரிக்கோடு விழுந்தால் சரி என்று அர்த்தம். வெள்ளைக்காரத் தோலுக்கு வைத்த அளவு அது. எங்கள் பக்கத்து முகத்தை அந்த அளவுக்கு ஏற்றினால் பவுடர் அப்பினது போலாகிவிடும். சன்கன் காலத்து முகமெல்லாம் அப்படித்தான் இருந்தன, அதைத்தான் கலர் என்றும் சொன்னோம். மருமகனும் எங்கிருந்தோ எடுத்த எண்ணை வைத்துப் பார்த்தான். சரியாக எடுத்த முகமெல்லாம் ‘இருட்டு’ என்று வந்தது. முந்தைய கல்யாணங்களில் எங்கள் கண்ணுக்கு நன்றாகப் பட்ட முகங்களை அளந்து, அந்த எண்ணுக்கு இறக்கிவிட்டான்.

ஃப்ளாஷ் இன்னொரு வேடிக்கை. ஃப்ளாஷ் அடிப்பது கண்ணிமைக்கிற நேரம். இன்றைய கேமராவின் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால், பாதிப் படம் வெளுத்தும் பாதி சாதாரணமாகவும் ஒரு பட்டை விழும். ஒன்றிரண்டு ஃபிரேம்தான். அதற்காக முழு ஷாட்டையும் தள்ளக் கூடாது. வினாடிக்கு வினாடி நடுமதிப்பை எடுத்தால் இந்தப் பட்டைகள் தானாக உதிர்ந்துவிடும். சராசரி எடுத்தால் உதிராது. தாலி கட்டுகிற அந்த ஒன்றரை நிமிடத்தில் ஃப்ளாஷ் விழாத வினாடி இருந்திருந்தால், அது போட்டோக்காரர் பேட்டரி மாற்றிய வினாடியாக இருக்கும்.

கடைசியில் இரண்டு ஏற்பாட்டில் வந்து நின்றோம். ஒன்று, மிஷின் எதையும் அழிக்காது, நகர்த்தக்கூட நகர்த்தாது. புள்ளி வைப்பதோடு சரி. இரண்டாவது, நாதஸ்வரம். கெட்டி மேளம் தொடங்கினால் ஒலி அளவு சட்டென்று ஏறி, நிற்காமல் நீடிக்கும். அப்படி ஏறின இடத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நிமிடத்துக்கு எந்தச் சிவப்பும் செல்லாது. மூன்று கேமராவில் எது குறைந்த கேடு என்று வரிசைப்படுத்தி மட்டும் காட்டும். மேடைக் கேமரா முதலில் வந்தது. புகை கலைந்துவிடும், தள்ளின கை தள்ளினதுதான்.

மற்ற இடங்களில் மிஷின் நன்றாகவே உழைக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ரெக்கார்ட் பட்டனை அமுக்க மறந்து, நிறுத்துவதாக நினைத்து ஓடவிட்டு, தரையையும் செருப்பையும் எடுத்துக்கொண்டே நடந்த கிளிப்புகள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பிடித்துவிடும். கச்சாப் படத்தில் இவை எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன என்று பார்த்தபோது எங்களுக்கே வெட்கமாகப் போயிற்று. பச்சையைப் பார்க்க வேண்டாம், சிவப்பைப் பார்க்க வேண்டாம், நடுவில் கிடக்கும் மஞ்சளை மட்டும் மனுஷன் பார்த்தால் போதும் என்பது மருமகனின் திட்டம். சிவப்பையும் ஒருதரம் ஓட்டிப் பார் என்பது என் கட்சி. ஏனென்றால் மொரப்பூர் பெரியம்மா எப்போதும் சிவப்பில்தான் இருப்பார். மேடையில் நிற்க வெட்கப்பட்டு, கேமரா ஒரு ஷாட் முடிந்து இறங்குகிற நேரத்தில் ஓரமாக வந்து நிற்கிறவர் அவர். ஆட்டமும் மங்கலுமாக இரண்டு வினாடி கிடைக்கும். வேறு எங்கும் கிடைக்க மாட்டார். முகம் பார்க்கத் தெரிந்த புரோகிராமுக்கு இன்னார் வேறெந்த ஷாட்டிலும் இல்லை என்று சொல்லவும் கற்றுக்கொடுக்கலாமாம். எழுதிக்கொண்டிருக்கிறான்.

ரீல் சாயங்காலம் போனது. மணப்பெண் பார்த்துவிட்டு உடனே திருப்பி அனுப்பினாள். “அண்ணா, ரொம்பக் க்ளீனா இருக்குங்க. கொஞ்சம் வின்டேஜா பண்ணிக் குடுங்களேன், அம்மா கல்யாணக் கேசட் மாதிரி.” மருமகன் எடிட்டிங் சாஃப்ட்வேரில் எஃபெக்ட் பெட்டியைத் திறந்தான். கேமரா ஷேக் ஒன்று, அதற்கு மேல் ஓரம் கரைகிற மங்கல், அதற்கும் மேல் வெளிச்சம் கசிந்து வெளுக்கிற எஃபெக்ட், கீழ் மூலையில் மஞ்சள் எழுத்தில் தேதி. ஏற்றுமதி செய்தவுடன் விளையாட்டாக அதைத் தன் புரோகிராமில் விட்டான். முதல் ஃபிரேமிலிருந்து கடைசி ஃபிரேம் வரை சிவப்பு.

அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வின்டேஜ் எஃபெக்டுக்கு இப்போது தனி ரேட் போட்டிருக்கிறோம்.